‘தொற்று இல்லை’ என்று நான் எழுதிய மாதங்கள்

அறுவை சிகிச்சைப் புண் தொற்று: இல்லை.

இந்த ஒரு வரியை மாதம் தவறாமல் எழுதியவள் நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. தெரிந்துதான் எழுதினேன்.

எனக்குச் சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர். ராஜபாளையம் சாலையில் ஓடும் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்வரும் செவிலியர் நான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. கூட இருந்தவர்களுக்கும் பங்கு உண்டு என்று யாராவது சொல்லலாம். அவரவர் பங்கை அவரவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல வந்தது என்னுடையதை மட்டும். ஆஸ்பத்திரி அடையாளம் தெரியாதிருக்க எண்களைச் சற்று மாற்றி முழு எண்களாகத் தருகிறேன். கணக்கின் போக்கை மாற்றவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்று இருக்கும். தலைமை மருத்துவர் அதற்குத் தலைவர். நுண்ணுயிரியல் மருத்துவர், அறுவை சிகிச்சை மருத்துவர்கள், மயக்க மருந்து மருத்துவர், நர்சிங் சூப்பிரண்டு, கருவிகளை ஆட்டோகிளேவ் செய்யும் பிரிவின் பொறுப்பாளர், மருந்தகத்துக்காரர், துப்புரவு மேற்பார்வையாளர் எல்லோரும் உட்காருவார்கள். எத்தனை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துத் தொற்று வந்தது, ஏன் வந்தது, அடுத்த கூட்டத்துக்குள் யார் என்ன செய்ய வேண்டும் என்று பேசி முடிவெடுக்கத்தான் அந்தக் குழு. கணக்கெடுத்துக் கொண்டுவருவதும், பேசியதை மினிட்ஸாக எழுதிக் கையெழுத்து வாங்குவதும் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரின் வேலை. எங்கள் இடத்தில் அந்தச் செவிலியர் நான்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாளே மினிட்ஸ் தயாராக இருக்கும். போன மாதக் கோப்பைத் திறந்து, தேதியை மாற்றி, வந்தவர்கள் பெயரைச் சரிபார்ப்பேன். கை கழுவும் கணக்கெடுப்பில் ஓர் எண் மாறும். ஊசி குத்திக்கொண்ட ஊழியர் யாராவது இருந்தால் அது சேரும். குப்பைப் பிரிப்பு பற்றி ஒரு வரி. அறுவைப் புண் தொற்று என்ற இடத்தில் மட்டும் எதையும் தொட வேண்டியிருக்காது. ‘இல்லை’ என்பது அங்கே முன்பே இருக்கும். அதன் கீழே ‘திருத்த நடவடிக்கை: தொடர்ந்து கண்காணிக்க ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.’ யாருக்கு அறிவுறுத்தியது, எப்போது, எதைக் கண்காணிக்க என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் சிசேரியன். சிசேரியன் செய்த நாளிலிருந்து 30 நாள்வரை அந்தப் புண்ணைக் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்த இந்த வரையறையைத்தான் பல நாடுகளிலும் பின்பற்றுகிறார்கள். அந்த 30 நாளுக்குள் கீறிய இடத்தில் சீழ் வடிந்தால் அது தொற்று. அங்கிருந்து முறையாக எடுத்த மாதிரியில் கிருமி வளர்ந்தாலும் தொற்று. வலியோ வீக்கமோ சிவப்போ சூடோ இருப்பதைப் பார்த்து மருத்துவர் தையலைத் திறந்துவிட வேண்டிவந்தாலும் அது கணக்கில் சேரும். தையல் ஊசி நுழைந்த புள்ளியில் மட்டும் லேசாகச் சிவந்தால் சேராது. இதையெல்லாம் பயிற்சியில் படித்து, தேர்வெழுதித் தேறியவள் நான்.

ஆனால் சிசேரியன் ஆனவர்கள் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். புண் பழுப்பது அதற்குப் பிறகுதான், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில். வார்டில் படுத்திருக்கும்போது மட்டும் போய்ப் பார்த்துவிட்டுத் தொற்று இல்லை என்று எழுதினால் அந்தக் கணக்கு என்றைக்கும் பூஜ்யமாகத்தான் வரும். நான் செய்தது அதுதான். காலையில் வார்டைச் சுற்றுவேன், கட்டைப் பார்ப்பேன், டிக் அடிப்பேன். பூஜ்யம் வரும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் தேடினேன்.

வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி ஆஸ்பத்திரிக்குள்ளேயே தடயம் இருந்தது. டிரஸ்ஸிங் அறையில் ஒரு நோட்டு உண்டு. ‘சிசேரியன், தையல் பிரிந்தது, டிரஸ்ஸிங்’ என்று அதில் எழுதியிருப்பார்கள். ஆய்வகத்தில் கல்ச்சர் பதிவேடு இருந்தது. ‘சீழ், வயிற்றுப் புண், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்று அதில் ஒரு வரி. வெளிநோயாளிச் சீட்டில் மறுபடியும் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக் இருக்கும். இவற்றில் எதையும் நான் எடுத்துப் பார்க்கவில்லை. டிரஸ்ஸிங் அறை நோட்டு என் மேஜையிலிருந்து இருபதடி தூரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுதான் சொல்லக் கஷ்டமானது.

எங்கள் ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஆன ஒரு பெண் எங்கள் தெருவுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். என்னை ‘சிஸ்டர்க்கா’ என்றுதான் கூப்பிடுவாள். பத்துப் பதினோரு நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிறேன், அவளுடைய அம்மா வாசலில் நிறுத்தினார்.

“தாயி, செத்த உள்ள வந்து பாரேன். புண்ணுல சலம் வடியுது. கருவாடு திங்காதட்டின்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே.”

உள்ளே போய்ப் பார்த்தேன். அடிவயிற்றுக் கீறலின் வலது மூலையில் ஓர் அங்குல நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. சுற்றிலும் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. கட்டுத் துணியில் மஞ்சளாக ஊறியிருந்தது. ஊரிலேயே ஒருவரிடம் இரண்டு நாளாகக் கட்டுப்போட்டு வருகிறார்கள். கரப்பான் பதார்த்தம் தின்றதால் வந்த வினை என்று வீட்டில் எல்லோரும் அவளைத்தான் ஏசியிருக்கிறார்கள். அவளும் அப்படியே நம்பி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வரையறைப்படி அது தொற்று. யோசிக்கவே வேண்டியதில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, மருத்துவரிடம் காட்டவைத்தேன். மருத்துவர் புண்ணைத் திறந்து கழுவி மருந்து கொடுத்தார். புண் ஆறியது. அதுவரைக்கும் நான் செய்தது சரி. ஆனால் கருவாட்டினால் சீழ் பிடிக்காது என்று அந்த வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் ‘அப்ப எதனால?’ என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பேசாமல் வந்தேன். அந்த மாத மினிட்ஸிலும் ‘இல்லை’ என்றே எழுதினேன். அவள் டிஸ்சார்ஜ் ஆகும்போது புண் நன்றாகத்தானே இருந்தது, வீட்டுக்குப் போய் வந்ததை நம் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று மனசுக்குள் ஒரு வாதம் வைத்துக்கொண்டேன். 30 நாள் விதி அந்த வாதத்தை ஒரு நொடியில் உடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஏன் செய்தேன்? பூஜ்யம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. தரச்சான்று ஆய்வுக்கு வருபவர்கள் கோப்பைப் புரட்டிவிட்டு ‘நல்லா வச்சிருக்கீங்க’ என்பார்கள். ஓர் எண்ணை எழுதினால் எந்த மருத்துவர் செய்த சிசேரியன் என்ற கேள்வி வரும். அவர் முகத்தை மறுநாள் தியேட்டரில் பார்க்க வேண்டும். அதோடு, எண் வந்தால் வேலை வரும். காரணம் தேட வேண்டும், நடவடிக்கை எழுத வேண்டும், அடுத்த மாதம் நடந்ததா என்று கேட்க வேண்டும். ‘இல்லை’ என்று எழுதினால் அந்த இடத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

தொற்றை எண்ணுவதே தொற்றைக் குறைக்கும் என்பதற்கு நாற்பது வருடம் பழைய சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 1970களில் 338 ஆஸ்பத்திரிகளை வைத்து செனிக் என்ற பெரிய ஆய்வு நடந்தது, 1985இல் முடிவு வெளியானது. முறையான கண்காணிப்பும் கட்டுப்பாட்டு வேலையும் பயிற்சி பெற்ற ஆட்களும் சேர்ந்து இருந்த ஆஸ்பத்திரிகளில் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அறுவைப் புண் விஷயத்தில் அவர்கள் குறிப்பாகச் சொன்னது, அவரவர் தொற்று விகிதத்தை அந்தந்த அறுவை மருத்துவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது. அதை நான் எங்கள் மருத்துவர்களுக்குச் சொல்லாமல் மறைத்தேன். எண் தெரிந்தால் கோபப்படுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தெரிந்தால் திருத்திக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டிலும் அண்மையில் ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் டெல்லி, மணிப்பால், மும்பை ஆகிய ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் அறுவைப் புண் தொற்று வந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் தெரியவந்தது வீட்டுக்குப் போன பிறகுதான். அவ்வளவு வசதியுள்ள இடங்களிலேயே அப்படி என்றால், மாதாமாதம் பூஜ்யம் காட்டிய என் கோப்பைப் பற்றி நான் என்ன நினைத்திருக்க வேண்டும்?

கடைசியில் நுண்ணுயிரியல் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தெருப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “என்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகுது சிஸ்டர். ஒரு மாசத்து சிசேரியன் லிஸ்ட்டை எடுங்க. முப்பது நாள் முடிஞ்ச மாசமா எடுங்க. ஒவ்வொருத்தரா தேடுவோம்” என்றார்.

அந்த மாதம் 50 சிசேரியன். முதலில் டிரஸ்ஸிங் நோட்டையும் கல்ச்சர் பதிவேட்டையும் பட்டியலோடு பெயர் பெயராக ஒத்துப்பார்த்தோம். பிறகு போன். போன் என்றால் லேசில்லை. கேஸ் ஷீட்டில் இருப்பது கணவரின் எண். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், மனைவி தாய்வீட்டில் இருப்பாள். இங்கேதான் கிராம சுகாதார செவிலியர்கள் கைகொடுத்தார்கள். கர்ப்பம் பதிவானதிலிருந்து பிரசவத்துக்குப் பிறகு வரைக்கும் தாயைத் தேடி வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். எந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி கேட்பதிலும் முறை இருக்கிறது. ‘புண்ணு நல்லா இருக்காம்மா?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு சிஸ்டர்’ என்றுதான் பதில் வரும். கட்டுத் துணி நனைந்ததா, என்ன நிறத்தில் நனைந்தது, வாடை அடித்ததா, தையல் எங்காவது விட்டதா, வேறு எங்காவது போய்க் கட்டுப்போட்டீர்களா, மாத்திரை வாங்கினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ‘நீங்க சாப்பிட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பயப்படாம சொல்லுங்க’ என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் பலர் வாய் திறந்தார்கள்.

45 பேரைப் பிடிக்க முடிந்தது. ஆறு பேர் புண்ணில் கோளாறு என்றார்கள். அவர்களை வரவழைத்தோம், சிலருடைய சீட்டுகளைப் பார்த்தோம். ஒருவருக்குத் தையல் புள்ளியில் மட்டும் சிவப்பு. இன்னொருவருக்குத் தெளிந்த நீர் கசிந்து தானாக நின்றிருந்தது, சீழ் இல்லை, சூடு இல்லை. இவர்கள் இருவரும் கணக்கில் சேரமாட்டார்கள். மீதி நான்கு பேருக்கு உறுதியான தொற்று. ஒருவர் பெயர் டிரஸ்ஸிங் நோட்டில் இருந்தது, ஒருவர் பெயர் கல்ச்சர் பதிவேட்டில் இருந்தது, இரண்டு பேர் வெளியே பார்த்துக்கொண்டவர்கள். 50க்கு 4 என்றால் நூற்றுக்கு 8. பிடிக்க முடியாத ஐந்து பேரில் யாருக்கு என்ன ஆனதோ தெரியாது. அதனால் அந்த 8 என்பது குறைந்தபட்ச அளவு. வகுக்கும் எண்ணாக மொத்த அறுவைகளையே வைத்துக்கொண்டு, ‘ஐவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்பதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். இப்படித்தான் எழுத வேண்டும் என்று மருத்துவர் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைப் படித்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “போன மாசம்வரைக்கும் ஜீரோ. இந்த மாசம் எட்டா? என்ன நடந்துச்சு தியேட்டர்ல?”

தியேட்டரில் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்றேன். இதுவரை நான் வார்டில் மட்டும்தான் பார்த்தேன், வீட்டுக்குப் போனவர்களைப் பார்க்கவில்லை, பார்த்த ஒன்றையும் எழுதவில்லை, பழைய ‘இல்லை’ எல்லாம் தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் பேசவில்லை. பிறகு மகப்பேறு மருத்துவர், “அப்ப என் பேஷன்ட்ஸ் வேற எங்கேயோ போய்க் கட்டுப்போட்டிருக்காங்க, எனக்கே தெரியாம” என்றார். அவர் கோபப்பட்டது என் மேல். நான் பயந்ததுபோல எண்ணின் மேல் இல்லை.

அன்றைய மினிட்ஸில் முதலில் எழுதிய குறிப்பு, ‘இம்மாதம் முதல் கண்காணிப்பு முறை மாறியுள்ளது, இதற்கு முந்தைய மாதங்களோடு ஒப்பிடக் கூடாது’ என்பது. தேடும் முறை மாறினால் எண் ஏறும். தொற்று ஏறியதாக அதற்கு அர்த்தமில்லை. இதை எழுதாவிட்டால் பிற்பாடு கோப்பைப் பார்ப்பவர் அந்த மாதத்தில் ஏதோ கொள்ளைநோய் வந்ததாக நினைப்பார். இல்லையென்றால், உண்மையாக எண்ணியதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டிவரும்.

பிறகு காரணம் தேடினோம். நான்கு பேரின் கேஸ் ஷீட்டையும் தியேட்டர் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சிசேரியனுக்கு முன் ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் ஊசி போட வேண்டும், கத்தி வைக்கும்போது மருந்து இரத்தத்திலும் திசுவிலும் நிறைந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் கீறுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். குழந்தைக்கு மருந்து போய்விடக் கூடாது என்று தொப்புள்கொடி கட்டிய பிறகு கொடுப்பது பழைய வழக்கம். கீறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல வருடம் ஆகிறது.

எங்கள் வார்டு நோட்டில் ஊசி போட்ட நேரம் ‘6.00’ என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் 6.00. அதற்கடுத்த பக்கத்திலும் 6.00. வார்டில் எல்லோருக்கும் காலை மருந்து கொடுக்கும் நேரம் ஆறு மணி. சிசேரியனுக்குப் போகிறவருக்கும் அதோடு சேர்த்தே போட்டிருக்கிறார்கள். தியேட்டர் பதிவேட்டில் முதல் கீறல் 9.40. இடைவெளி மூன்று மணி நாற்பது நிமிடம். நாங்கள் கொடுத்தது செஃபசோலின். அது இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். இரண்டு முறை பாதியானால் மிஞ்சுவது கால் பங்கு. கத்தி வைக்கும்போது அந்தப் பெண்ணின் உடம்பில் இருந்த காவல் அவ்வளவுதான். அன்று இரண்டாவதாக எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு அதுவும் இருந்திருக்காது.

நான்கு பேரில் இரண்டு பேர் இந்த ஆறு மணிக்காரர்கள். ஒருவர் அவசர சிசேரியன், மருந்து கொடுத்தது குழந்தை வெளியே வந்த பிறகு. நான்காமவருக்குச் சரியான நேரத்தில் கொடுத்திருந்தார்கள், அவருக்குச் சர்க்கரை இருந்தது. அதே மாதம் ஆறு மணிக்கு ஊசி போட்டும் புண் பழுக்காமல் ஆறியவர்களும் நிறைய. ஆகவே மருந்து நேரம்தான் காரணம் என்று அந்த நான்கை வைத்து நிரூபிக்க முடியாது, அவ்வளவு சின்ன எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது. இதை மினிட்ஸில் அப்படியே எழுதினோம். ஆனால் மருந்து தவறான நேரத்தில் போகிறது என்பது நிரூபணமாகிவிட்டது. அதைத் திருத்த இன்னும் நான்கு பேர் புண் பழுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் தென்பட்டது. முந்தின ராத்திரியே வார்டில் பிளேடால் மயிர் மழிக்கும் வழக்கம். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். ராத்திரி முழுக்க அவற்றில் கிருமி பெருகும். மயிரை அப்படியே விடலாம். மிகவும் இடைஞ்சலாக இருந்தால் கிளிப்பரால் கத்தரிக்கலாம், மழிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதை உறுதியாகச் சொல்கிறது. நானும் வகுப்பெடுத்திருக்கிறேன். வகுப்பெடுத்த பிறகு ராத்திரி வார்டில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை.

அன்று எழுதிய திருத்த நடவடிக்கைகளில் ‘அறிவுறுத்தப்பட்டது’ என்ற சொல் ஓர் இடத்திலும் வரவில்லை. காலை ஆறு மணி மருந்துப் பட்டியலிலிருந்து சிசேரியன் ஊசி எடுக்கப்படும், மருந்து நோயாளியோடு தியேட்டருக்குப் போகும், மயக்க மருந்து மருத்துவர் போடுவார். கத்தி வைக்கும் முன் ‘ஆன்டிபயாட்டிக் எத்தனை மணிக்கு?’ என்று தியேட்டர் செவிலியர் வாய்விட்டுக் கேட்பார். பதில் வந்த பிறகுதான் கீறல். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் 2008இலிருந்தே இருக்கும் கேள்வி இது. எங்கள் தியேட்டர் சுவரிலும் ஒட்டியிருந்தது. பிளேடு மழிப்பு மறுநாளிலிருந்து நிறுத்தம், பொறுப்பு நர்சிங் சூப்பிரண்டு. கிளிப்பர் வரும்வரை மயிரைத் தொடவே வேண்டாம். 14ஆம் நாளும் 30ஆம் நாளும் போன் செய்வது, டிரஸ்ஸிங் நோட்டையும் கல்ச்சர் பதிவேட்டையும் வாரம் ஒருமுறை பார்ப்பது, ஊசி நேரத்துக்கும் கீறல் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு கேஸிலும் கணக்கிட்டு அடுத்த கூட்டத்தில் வைப்பது, இம்மூன்றும் என் பொறுப்பு.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. பகலில் நடந்த சிசேரியன்களில் ஊசி நேரம் சீக்கிரம் ஒழுங்குக்கு வந்தது. நடுராத்திரி அவசர கேஸ்களில் இன்னும் தவறுகிறது, குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஊசி யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அவசரத் தட்டிலேயே மருந்தை வைத்துவிடலாம் என்று மயக்க மருந்து மருத்துவர் சொன்னதை இப்போது செய்துபார்க்கிறோம். கிளிப்பர் வர வெகுகாலம் ஆனது. தொற்று விகிதம் ஒரு மாதம் இறங்குகிறது, ஒரு மாதம் ஏறுகிறது. மாதம் ஐம்பது கேஸில் ஒன்றிரண்டு கூடிக்குறைவதை வைத்து எதுவும் சொல்லக் கூடாது, ஒரு வருடமாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய மினிட்ஸைத் திருத்தி எழுத முடியாது, கையெழுத்தான ஆவணம். ஒவ்வொரு மாதத்துக்கும் பின்னால் ஒரு தாள் சேர்த்திருக்கிறோம்: ‘அறுவைப் புண் தொற்று என்ற இடத்தில் இல்லை என்று குறித்தது தவறு. டிஸ்சார்ஜுக்குப் பின் கண்காணிக்கப்படவில்லை. விகிதம் கணக்கிட இயலாது.’ கீழே என் கையெழுத்து இருக்கிறது. அந்த மாதங்களில் எத்தனை பெண்களுக்குப் புண் பழுத்தது என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நான்தான் பொறுப்பு.

எங்கள் தெருப் பெண்ணிடமும் போனேன். கருவாட்டினால் வந்ததில்லை, உன் மேல் தப்பே இல்லை என்று அவள் அம்மா முன்னாலேயே சொன்னேன். அவள் கேட்டாள், “அப்பவே சொல்லிருக்கலாமேக்கா?” சொல்லியிருக்கலாம் என்றேன்.

கரிவலத்திலும் சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஆஸ்பத்திரியில் அறுவை நடந்திருந்தாலும் சரி, முப்பது நாளுக்குள் புண்ணில் சீழோ, வீக்கமோ, சூடோ, தையல் விடுவதோ இருந்தால் அறுவை செய்த ஆஸ்பத்திரிக்கே போய்க் காட்டுங்கள். தூரமாக இருந்து பக்கத்தில் கட்டுப்போட்டுக்கொண்டாலும், அறுவை செய்த இடத்துக்குப் போன் பண்ணியாவது சொல்லுங்கள், ‘இதை எழுதிக்கோங்க’ என்று கேளுங்கள். பதினான்காம் நாள் போன் வந்தால் எடுங்கள். வீட்டில் பிள்ளை பெற்றவளைச் சாப்பாட்டைச் சொல்லி ஏசாதீர்கள்.